முதல் வரியிலேயே கோயிலைக் காட்டிவிடாதீங்க

போன செமஸ்டர் நான் எழுதின ஒரு எக்ஸ்பிளெய்னர் வீடியோ ஸ்கிரிப்ட்டின் தொடக்கம் இது. கொஞ்சம் பொறுமையா படிச்சுப் பாருங்க.

"மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள சிற்றூர் சாளுவன்குப்பம். இங்கே 2005-ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை ஒரு பழமையான முருகன் கோயிலைக் கண்டுபிடித்தது. இக்கோயில் இரண்டு கட்டங்களைக் கொண்டது. கீழே சங்க காலத்துச் செங்கல் கட்டடமும், மேலே பல்லவர் காலத்துக் கருங்கல் கட்டடமும் உள்ளன. இக்கோயில் வடக்கு நோக்கி அமைந்துள்ளது குறிப்பிடத்தக்கது."

எழுதி முடிச்சப்போ எனக்கு ரொம்பப் பெருமை. மூணு வாரம் படிச்சு, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியா பஸ் பிடிச்சு ரெண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் ஷூட் பண்ணி, ஐந்து நிமிஷத்துல 31 தகவல் வெச்சிருந்தேன். கணக்குப் போட்டா பத்து விநாடிக்கு ஒரு தகவல்.

ஹாஸ்டல்ல லேப்டாப்பைச் சுற்றி பதினோரு பேர் உட்கார்ந்து பார்த்தாங்க. ரெண்டாவது நிமிஷம் முடியறதுக்குள்ள பாதிப் பேர் கையில மொபைல். கடைசியில கைதட்டினாங்க, அது எனக்காக. அப்புறம் என் ரூம்மேட் கேட்டான்: "எல்லாம் சரிடா. அந்தக் கோயிலை யாரு இடிச்சா?"

எனக்குக் கோபம் வந்தது. ஏன்னா பதில் என் ஸ்கிரிப்ட்ல இருக்கு. 23-ஆவது தகவல். ஒரு சுடுமண் தகட்டுக்கும் ஒரு கல் வேலுக்கும் நடுவுல, "கடல் அலைகளால் கோயில் அழிந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது" என்று ஒரே வரியில் போயிருந்தது. அவன் காதில் அது விழவே இல்லை. விழுந்திருக்கவும் வாய்ப்பில்லை. அந்த நிமிஷத்துல அந்தக் கேள்வி அவனுக்குள்ள இல்லையே. கேள்வி வந்தது வீடியோ முடிஞ்ச பிறகு.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வர்றது இதுதான். பார்க்கிறவருக்குக் கேள்வி வருவதற்கு முன்னாடியே பதிலைக் கொட்டிவிடுகிற ஸ்கிரிப்ட்தான் பட்டியல் ஸ்கிரிப்ட். ஒரு கேள்வியை முதல்ல கொடுத்து, நடுவுல அதை ஒருமுறை திருப்பி, கடைசியில் மூடுகிற ஸ்கிரிப்ட்டில்தான் கதை ஓட்டம் இருக்கு. சாளுவன்குப்பம் விஷயத்தில் அந்தக் கதையை நான் கற்பனை பண்ணவே வேண்டியதில்லை. அது நிஜமாவே அந்த வரிசையில்தான் நடந்தது. நான்தான் அதைக் கலைச்சுப் போட்டு, கால வரிசையில் அடுக்கி, கொன்னுட்டேன்.

(என் பழைய ஸ்கிரிப்ட்டின் அந்த ஐந்து வரியில் ஒரு தப்பும் இருக்கு. அதைப் பின்னாடி சொல்றேன்.)

பத்து மார்க் கேள்விக்குப் பழகின கை

நான் ஏன் அப்படி எழுதினேன்னு யோசிச்சுப் பார்த்தேன். முதல் காரணம், நான் படிச்ச மூலங்கள். கலைக்களஞ்சியப் பக்கமோ, துறையின் அறிவிப்புப் பலகையோ, முடிவிலிருந்துதான் தொடங்கும். "இது ஒரு முருகன் கோயில், இரண்டு கட்டம், இந்த நூற்றாண்டு." தேடி வருபவருக்கு அது சரி. ஆனா நான் அதையே சொந்த வாக்கியத்தில் மாத்தி எழுதி, அதுக்கு ஸ்கிரிப்ட்னு பேர் வெச்சேன்.

ரெண்டாவது காரணம் நம்ம எல்லாருக்கும் பொது. "பாயின்ட் பாயின்ட்டா எழுது, பத்து பாயின்ட் இருந்தா பத்து மார்க்" என்றுதான் நம்ம கை பழகியிருக்கு. செமினார் ஸ்லைடுகூட அப்படித்தான்: அறிமுகம், வகைகள், நன்மைகள், பயன்பாடுகள், முடிவுரை. பேப்பர் திருத்துபவர் பிடிச்சாலும் பிடிக்காட்டியும் கடைசிப் பக்கம் வரை வந்தே ஆகணும். மெஸ் க்யூவில் நின்னுக்கிட்டு வீடியோ பார்க்கிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

கண்டுபிடிச்சவங்க எந்த வரிசையில் கண்டுபிடிச்சாங்க?

ரூம்மேட் கேட்ட கேள்விக்குப் பிறகு, தகவல்களை அப்படியே வெச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்திப் பார்த்தேன். கோயில் கட்டப்பட்ட வரிசையை விட்டுட்டு, அது கண்டுபிடிக்கப்பட்ட வரிசையில் எழுதினேன். அந்த வரிசை இதுதான்.

2004 டிசம்பர் 26. சுனாமி இந்தக் கரையைத் தாக்கித் திரும்பியபோது நிறைய மணலை அரித்துக்கொண்டு போனது. சாளுவன்குப்பத்தில் ஒரு பாறையில், அதுவரை மணலுக்குள் இருந்த பகுதி வெளியே தெரிந்தது. அதில் எழுத்துகள்.

இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு அறிஞர்கள் அதைப் படித்தார்கள். 10-ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதி வரை ஆண்ட ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் காலத்துக் கல்வெட்டு. திருவிழிச்சில் என்ற ஊரில் உள்ள சுப்பிரமணியர் கோயிலைப் பற்றி அது பேசியது. திருவிழிச்சில் என்பது இதே சாளுவன்குப்பத்தின் பழைய பெயர்.

ஆனால் சாளுவன்குப்பத்தில் அப்படி ஒரு கோயில் இல்லை. புலிக்குகை இருக்கு. அதிரணசண்டக் குடைவரை இருக்கு, அது சிவனுக்கு உரியது. கல்வெட்டு சொல்லும் முருகன் கோயில் மட்டும் எங்கேயும் இல்லை.

அதனால் பாறைக்குப் பக்கத்திலிருந்த மணல் மேட்டை 2005-இல் தோண்டத் தொடங்கினார்கள். உள்ளே கருங்கல் கட்டடத்தின் மிச்சங்கள், கல்வெட்டு பொறித்த தூண்கள். தந்திவர்மன், மூன்றாம் நந்திவர்மன் போன்ற பிற்காலப் பல்லவர்களின் பெயர்கள். கோயில் கிடைத்துவிட்டது.

ஆனால் கருங்கல்லுக்குக் கீழே செங்கல் வந்தது. பல்லவர் கோயில், அதற்கு முன்பே அங்கிருந்த இன்னொரு கோயிலின் மேல் நின்றுகொண்டிருந்தது. தேடிப் போனது ஒரு கோயிலை, கிடைத்தது ரெண்டு.

இப்போ பட்டியலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. பட்டியலில் "இரண்டு கட்டம், கீழே செங்கல்" என்பது நாலாவது வரி. அங்கே அது வெறும் விவரம். கண்டுபிடிப்பு வரிசையில் அதே செங்கல் ஒரு திருப்பம், ஏன்னா அதுக்குள்ள "கோயில் கிடைச்சாச்சு, கதை முடிஞ்சது"ன்னு நீங்க நினைச்சிருப்பீங்க.

அகழாய்வே அப்படிப்பட்ட வேலைதான். மேலே இருப்பது புதுசு, கீழே போகப் போகப் பழசு. தோண்டுபவருக்குக் கடைசியில் கிடைப்பதை நாம முதல் வரியில் எழுதினா, அவர் பட்ட எந்தக் குழப்பமும் பார்க்கிறவருக்குக் கிடைக்காது.

கார்டு எழுதி, கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது

நான் பண்ணின வேலையைச் சொல்றேன். 31 தகவலையும் தனித்தனிக் கார்டில் எழுதினேன். பழைய ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தைக் கிழிச்ச கார்டுதான். அப்புறம், வீடியோ முழுக்கத் தாங்கப்போகிற ஒரே கேள்வி எதுன்னு தேடினேன்.

மூணு கேள்வி கையில் இருந்தது. "கோயில் எவ்வளவு பழசு?" என்பது முதல். கவர்ச்சியா இருக்கு. ஆனா அதுக்குப் பதில் ஒரு எண். எண்ணைச் சொன்னதும் வீடியோ முடிஞ்சிடும், அதுவும் அந்த எண்ணே சர்ச்சையில் இருக்கு. "யார் இடிச்சா?" என்பது ரெண்டாவது. நல்ல கேள்விதான், ஆனா கோயில் இருந்ததே தெரியாதவர்கிட்ட முதல் நிமிஷத்தில் அதைக் கேட்க முடியாது. மூணாவது, "கல்வெட்டு சொல்லும் கோயில் எங்கே?" இதுக்கு முன்கதை ஒண்ணுமே வேண்டாம். ஒரு பாறை, அதில் ஒரு வாக்கியம், சுற்றிலும் மணல். அவ்வளவுதான்.

எனவே "எங்கே?" என்று தொடங்கி, செங்கல் வந்ததும் அது "முதல் கோயிலுக்கு என்ன ஆச்சு?" என்று மாறணும். ரூம்மேட்டின் கேள்வி தானாகவே மூணாவது நிமிஷத்தில் வந்து நிற்கும்.

அடுத்து ஒவ்வொரு கார்டையும் கையில் எடுத்து, இது இந்த ரெண்டு கேள்வியில் எதையாவது எழுப்புதா, தள்ளுதா, மூடுதா என்று பார்த்தேன். எதையும் செய்யாத கார்டு வெளியே. மாமல்லபுரம் 1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது வெளியே. கடற்கரைக் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன் வெளியே. சுடுமண் தகட்டில் குரவைக்கூத்து மாதிரி ஒரு ஆட்டம் இருக்கிற கார்டைத் தூக்கிப் போடும்போது நிஜமாவே வலிச்சது. எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல் அது. ஆனா கோயில் எங்கேன்னும் அது சொல்லலை, என்ன ஆச்சுன்னும் சொல்லலை. கடைசியில் மிஞ்சினது ஒன்பது கார்டு.

நேரக் கணக்கும் இதைத்தான் சொன்னது. என் குரலைப் பதிவு பண்ணி எண்ணினப்போ, தெளிவாப் படிச்சா நிமிஷத்துக்கு ஏறத்தாழ நூறு தமிழ்ச் சொல். ஐந்து நிமிஷத்துக்கு ஐந்நூறு. ஒன்பது தகவலுக்கு அது தாராளம். 31-க்கு அது மூச்சுமுட்டல்.

மிஞ்சின கார்டுகளைத் தரையில் வரிசையா வெச்சு, ரெண்டு கார்டுக்கு நடுவுல என்ன இணைப்புச் சொல் வருதுன்னு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என் பழைய ஸ்கிரிப்ட்டில் இருந்ததெல்லாம் "மேலும்", "அதுமட்டுமல்லாமல்", "குறிப்பிடத்தக்கது". இந்தச் சொற்கள் வர்ற இடத்தில் ரெண்டு கார்டையும் இடம் மாத்தி வெச்சாலும் ஒண்ணும் ஆகாது. பட்டியல் என்பதற்கு அதுதான் அடையாளம். புது வரிசையில் வந்தது "ஆனால்", "அதனால்". கல்வெட்டு கோயில் இருக்குன்னு சொல்லுது, ஆனால் கோயில் இல்லை, அதனால் தோண்டினாங்க, கோயில் கிடைச்சது, ஆனால் கீழே இன்னொண்ணு. இதில் எந்த ரெண்டையும் இடம் மாத்த முடியாது. சவுத் பார்க் தொடரை உருவாக்கிய ட்ரே பார்க்கரும் மேட் ஸ்டோனும் தங்கள் கதைகளுக்கு இதே சோதனையைத்தான் வைக்கிறாங்க.

ஒரு எச்சரிக்கை. எழுதி முடிச்ச பிறகு "மேலும்" என்பதை அழிச்சு "ஆனால்" என்று போட்டா வேலை முடியாது. நான் முதல்ல அதைத்தான் செய்தேன். "கோயில் வடக்கு நோக்கியது, ஆனால் கல் வேல் கிடைத்தது" என்று ஒரு வாக்கியம் வந்து நின்னது. இதில் என்ன ஆனால்?

நிமிஷம் நிமிஷமா

முடிவான ஸ்கிரிப்ட் ரெண்டு பத்தி கொண்டது: இடப்பக்கம் திரையில் தெரிவது, வலப்பக்கம் குரல். அதன் ஓட்டத்தை மட்டும் இங்கே சொல்றேன்.

தொடக்கத்தில் பாறை. எழுத்துகள் மேல் கேமரா மெதுவா நகருது. குரல்: "இந்தப் பாறை ஒரு கோயிலைப் பற்றிப் பேசுது. சுப்பிரமணியர் கோயில். இதே ஊர்ல." நிறுத்தம். அப்புறம் கேமரா சுற்றிப் பார்க்குது. சவுக்கு, மணல், கடல். "இந்த ஊர்ல அப்படி ஒரு கோயில் இல்லை." முப்பது விநாடியில் கேள்வி பார்க்கிறவர் கைக்குப் போயிடுது. யார் எழுதினது, எப்போ, ஊரின் பழைய பெயர் என்ன என்பதெல்லாம் அதுக்குப் பிறகு வருது. இப்போ அவை துப்பு. முதல்லயே சொல்லியிருந்தா பாடம்.

ரெண்டாவது நிமிஷம் மேடும் தோண்டலும். தூண்கள் மேலே வருது. பெயர்களைப் படிக்கிறோம். குரல்: "கல்வெட்டு பொய் சொல்லலை." இங்கே வேணும்னே இசையை நிறுத்தி, முடிஞ்ச மாதிரி ஒரு மூச்சு விட்டேன்.

மூணாவது நிமிஷம், தூணிலிருந்து கேமரா கீழே இறங்குது. கருங்கல் முடியுது, செங்கல் தொடங்குது. குரல் ஒரே வரி: "இது ரெண்டாவது கோயில்."

நாலாவது நிமிஷம் அந்த முதல் கோயிலைப் பற்றி. செங்கல்லின் பெரிய அளவு, வடக்கு நோக்கிய வாசல், கல்லில் செய்த வேல், மணல் அடுக்குகளில் கிளிஞ்சல். வடக்கு வாசல் என் பழைய ஸ்கிரிப்ட்டில் "குறிப்பிடத்தக்கது" என்று முடிஞ்சது, ஏன் குறிப்பிடத்தக்கதுன்னு சொல்லவே இல்லை. அகழாய்வு நடந்தபோது துறையின் சென்னை வட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த டி. சத்தியமூர்த்தி முன்வைத்த வாதம் இது: சிற்ப நூல்களின் விதிப்படி கோயில்கள் பொதுவாகக் கிழக்கோ மேற்கோ பார்க்கும். இது வடக்கு பார்க்கிறது என்றால், அந்த விதிகள் நிலைபெறுவதற்கு முந்தியதாக இருக்கலாம். "எவ்வளவு பழசு?" என்ற யோசனை ஏற்கெனவே மனசுக்குள் வந்திருப்பவருக்கு இதே வடக்கு வாசல் ஒரு சாட்சி.

கடைசி அரை நிமிஷம் மறுபடி அதே பாறை. கோயிலை மூடியதும் கடல், காட்டிக்கொடுத்ததும் கடல் என்று அகழ்ந்தவர்கள் நினைக்கிறார்கள் என்பதோடு முடியும்.

அந்த முதல் காட்சியை ஏன் தூக்கினேன்

மேலே சொன்னதில் ஒண்ணு கவனிச்சீங்களா? சுனாமியிலிருந்து வீடியோ தொடங்கலை. என் முதல் திருத்தத்தில் அப்படித்தான் தொடங்கிச்சு. அலை பொங்கி வர்ற பழைய வீடியோ, பெரிய சத்தம், "அன்று கடல் ஒரு ரகசியத்தைத் திறந்தது!" என்று குரல். கதைன்னா அதிரடியா தொடங்கணும்னு நினைச்சேன்.

மூணாவது முறை சாளுவன்குப்பம் போனப்போ, ரோட்டோரம் டீ குடிக்க நின்னேன். கடை அம்மாகிட்ட வந்த விஷயத்தைச் சொன்னேன். அவங்க சொல்லத் தொடங்கினாங்க. "அன்னிக்கு ஞாயித்துக்கிழமை தம்பி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலையில கடல் உள்ள போயிடுச்சுன்னு பசங்க ஓடிவந்து சொன்னாங்க. நாங்க நம்பல. போய்ப் பார்த்தோம். கடல் இருக்கவேண்டிய இடத்துல கல்லுதான் தெரிஞ்சுது. எல்லாரும் வேடிக்கை பார்த்துக்கிட்டு நின்னோம்." அங்கே நிறுத்திட்டாங்க. டீ ஆத்திக் கொடுத்தாங்க. அதுக்கு மேல சொல்லலை, நானும் கேட்கலை.

என் முதல் காட்சியைப் பற்றிச் சொன்னேன். "அந்த அலையைப் போடாதீங்க தம்பி" என்று மட்டும் சொன்னாங்க.

தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரைக் கொண்டுபோன அலை அது. நான் பிறந்த வருஷம். எனக்கு அது யூடியூப் காட்சி. அவங்களுக்கு அது பக்கத்து வீடு. ஒரு கோயில் வீடியோவுக்கு ஆள் பிடிக்க அதைத் தூண்டிலா போடறது அசிங்கம்னு அன்னைக்குத்தான் உறைச்சது.

அதைவிட, அது கதையாகவும் தப்பு. அலையோடு தொடங்கினா பார்க்கிறவர் மனசுல எழும் கேள்வி "மக்களுக்கு என்ன ஆச்சு?" என்பதுதான். அதுக்கு என் வீடியோவில் பதிலே இல்லை. தொடக்கம் எந்தக் கேள்வியை எழுப்புதோ, முடிவு அதுக்குத்தான் பதில் சொல்லணும். அலையைப் பற்றி இப்போ ஸ்கிரிப்ட்டில் ரெண்டே வாக்கியம். மணல் எப்படி நீங்கியது என்று சொல்ல வேண்டிய இடத்தில், காட்சி இல்லாமல், அடங்கின குரலில்.

கதைக்காக வளைச்ச வரி

இப்போ அந்தத் தப்புக்கு வர்றேன். "கீழே சங்க காலத்துச் செங்கல் கட்டடம்" என்று உறுதியா எழுதியிருந்தேன். செங்கல்லில் தேதி எழுதியிருக்காது. பூம்புகார், உறையூர் போன்ற இடங்களில் கிடைத்த பெரிய செங்கற்களோடு ஒப்பிட்டு, வாசலின் திசையையும் சேர்த்து, அகழ்ந்தவர்கள் வந்த முடிவு அது. எல்லா அறிஞர்களும் அதை ஏற்கவில்லை. பட்டியலில் இந்தத் தப்பு சின்னதா இருந்தது. கதையாக்கினப்போ அது பெருசாச்சு, ஏன்னா "இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு சுனாமி கோயிலை விழுங்கியது, 2004 சுனாமி அதைத் திருப்பிக் கொடுத்தது" என்று எழுத கை துடிச்சது. கேட்க எவ்வளவு அழகா இருக்கு! அழகா இருக்கிறதாலேயே சந்தேகப்பட வேண்டிய வாக்கியம்.

உடைச்சுப் பார்த்தா அதில் மூணு ஓட்டை. 2004 அலை கோயிலைத் திருப்பிக் கொடுக்கலை. அது காட்டியது பாறையின் எழுத்தை மட்டும். கோயிலைக் கொடுத்தது அதைப் படித்தவர்களும், அடுத்த வருஷம் தோண்டியவர்களும். ரெண்டாவது, வயது மேலே சொன்ன மாதிரி உறுதி இல்லை. மூணாவது, விழுங்கியது சுனாமியா, பெரும் புயலில் எழுந்த கடல் பெருக்கா என்பது. ரெண்டும் கடல் மணலையும் கிளிஞ்சலையும் கரைக்குள் கொண்டுவந்து போடும். கடல் உள்ளே வந்ததுன்னு அடுக்கு சொல்லும். எப்படி வந்ததுன்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம்.

இந்தச் சந்தேகத்தையெல்லாம் சேர்த்தா ஓட்டம் செத்துடும்னு பயந்தேன். நடந்தது வேற. நாலாவது நிமிஷத்தில் குரல் இப்படிப் போகுது: "செங்கல்லில் தேதி இல்லை. அப்போ வயசை எப்படிச் சொல்றாங்க?" அங்கேதான் அளவும் திசையும் வருது. "கிளிஞ்சல் இருக்கு, கடல் வந்திருக்கு. புயலா, சுனாமியா?" சந்தேகமே அடுத்த படிக்கட்டாக மாறிடுச்சு. "கருதப்படுகிறது", "எனக் கூறப்படுகிறது" என்று வாக்கியக் கடைசியில் ஒட்டினா அது யாருக்கும் கேட்காது. கேள்வியா நடுவுல நிறுத்தினா எல்லாருக்கும் கேட்கும், பார்க்கிறவர் ஏமாறவும் மாட்டார்.

பட்டியல் வேண்டிய இடமும் உண்டு

எல்லாத்துக்கும் கதை சொல்லணும்னு நான் சொல்லலை. லேப்ல மெஷினை ஆன் பண்ற முறையை யாராவது சஸ்பென்ஸோட சொன்னா நானே அடிப்பேன். திரும்பத் திரும்பப் பார்த்துச் சரிபார்க்கிற விஷயத்துக்கு, நடுவிலிருந்து தேடி எடுக்கிற விஷயத்துக்கு, பட்டியல்தான் சரி. வெளியே போட்ட 22 கார்டும் வீணாகலை. வீடியோவுக்குக் கீழே உள்ள விவரப் பகுதியில் வரிசையா போட்டிருக்கேன். குரவைக்கூத்துத் தகடு முதல் இடத்தில்.

அதே மாதிரி, "கடைசி வரை பாருங்க, அதிர்ச்சி காத்திருக்கு" என்கிற வகையும் நான் சொல்ற ஓட்டம் இல்லை. அதில் கேள்வியே இருக்காது, மறைச்சு வைக்கறது மட்டும்தான் இருக்கும். வித்தியாசம் தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. ஸ்கிரிப்ட்டை ஒருத்தருக்குப் படிச்சுக் காட்டுங்க. பாதியில் நிறுத்தி, "அடுத்து உனக்கு என்ன தெரியணும்?"னு கேளுங்க. அவர் சொல்றதும் உங்க அடுத்த கார்டும் ஒண்ணா இருந்தா ஓட்டம் இருக்கு. "ஏதாவது சொல்லு"ன்னு சொன்னா உங்ககிட்ட இருப்பது பட்டியல். "சீக்கிரம் விஷயத்தைச் சொல்லுடா"ன்னா நீங்க மறைச்சு விளையாடறீங்க.

நான் இதை ரூம்மேட்கிட்டத்தான் செய்தேன். முதல் வீடியோ பார்த்தது அவனுக்கு முழுசா மறந்துபோயிருந்தது, அதுவே ஒரு தீர்ப்பு. செங்கல் வந்த இடத்தில் நிறுத்தினேன். கேள்வியை நான் கேட்கிறதுக்கு முன்னாடியே அவன் முந்திக்கிட்டான்.

"டேய், அப்போ முதல் கோயில் என்னடா ஆச்சு?"

அடுத்த கார்டை எடுத்தேன்.